அத்தியாயம் 6: மேடையேறுமுன் கணக்கு – கொம்யூன் ஊர்களில் நாடகக் குழுவின் செலவுத் திட்டம்

வில்லியனூரிலோ பாகூரிலோ நாடகம் போட நினைக்கிற குழு முதல் வேலையாக மண்டபத்துக்கு வாடகை விசாரிக்கிறது. அடுத்ததாக, எத்தனை நாற்காலி விழும் என்று எண்ணி அதை டிக்கெட் விலையால் பெருக்கிப் பார்க்கிறது. வாடகையை விடப் பெருக்கிய தொகை பெரிதாக வந்தால், ‘சமாளிச்சிடலாம்’ என்று முன்பணம் கொடுத்துவிடுகிறது. கடன் தொடங்குவது அங்கேதான். நம் ஊர்களில் ஒரு மண்டபம் முழுக்க டிக்கெட் விற்றாலும் அந்த ஒரு இரவின் செலவுகூடத் திரும்பி வராது. இதை ஒத்திகை தொடங்குமுன்பே காகிதத்தில் பார்த்துவிட்டால், பணத்துக்கு வேறு வழிகளை நேரத்தோடு அமைத்துக்கொள்ளலாம். அதைப் படிப்படியாகச் செய்து பார்ப்பதே இந்த அத்தியாயம்.

எடுத்துக்காட்டுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘பவளக்கொடி’யை எடுத்துக்கொள்வோம். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானவர்; அவர் அடக்கமான இடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. விடிய விடிய நடக்கும் நாடகத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறோம். நடிகர்கள் 8 பேர்: அர்ச்சுனன், கிருஷ்ணன், அல்லி, பவளக்கொடி, புலந்திரன், பபூன், தோழியர் இருவர். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என்று பக்கவாத்தியம் 3 பேர். மேடை வேலைக்கு 2 பேர். வாத்தியார் ஒருவர். ஆக 14 பேர். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்கு காட்டுவதற்காக வைத்த மாதிரித் தொகைகள். உங்கள் ஊரில் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையை மாற்ற வேண்டாம்.

நாள் குறிப்பது

நாள் முடிவானால்தான் செலவு முடிவாகும். இந்தப் பகுதியில் கலையரங்கம் தேடினால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். கொம்யூன் ஊர்களில் நமக்குக் கிடைப்பது திருமண மண்டபமோ சமுதாய நலக்கூடமோதான். அதனால் கல்யாணக் கணக்கை அறிந்துதான் நாடகத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

1. முகூர்த்த நாள்களை நாள்காட்டியில் குறியுங்கள். சனிக்கிழமை கல்யாணம் வைப்பவர்கள் குறைவு என்பதால் அன்று மண்டபம் காலியாக இருக்கும் என்று தோன்றும். மறுநாள் ஞாயிறு முகூர்த்தமாக இருந்தால் சனி மாலையே பெண் அழைப்பும் வரவேற்பும் அங்கே நடக்கும். சனிக்கு மண்டபம் கேட்கும்போது ஞாயிற்றுக்கிழமையையும் பார்த்துவிடுங்கள்.

2. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வாடகை பேசிக் குறைக்கலாம். ஆனால் ஆடியில் அம்மன் கோயில்களில் இலவசமாகக் கூத்தும் கச்சேரியும் நடக்கும். அந்த மாதம் டிக்கெட் நாடகத்துக்கு ஆகாது.

3. என் தேர்வு மார்கழியின் பிற்பகுதி, அதாவது ஜனவரி முதல் தேதி கழிந்து வரும் முதல் சனிக்கிழமை. ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் ஒலி-ஒளிக்காரர்கள் எல்லாரும் நகரத்துக்கும் கடற்கரைப் பக்கத்துக்கும் போய்விடுவார்கள். வாடகை ஏறும், போலீசாருக்கும் நம் மனுவைப் பார்க்க நேரம் இருக்காது. அந்த வாரம் கடந்ததும் எல்லாம் இறங்கிவிடும். பொதுத்தேர்வுக்கும் இன்னும் நாள் இருக்கும்.

4. மழையை மறக்காதீர்கள். 2011-இல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30-ஆம் தேதி. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே, புயல் மழையால் நிகழ்ச்சி நின்றால் அதே பணத்தில் வேறு தேதி தரப்படும் என்று ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏட்டில் இரண்டு பத்தி

நீளமான ஏட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘ஒருமுறைச் செலவு’, வலப்பக்கம் ‘ஒவ்வொரு இரவுச் செலவு’. ஒத்திகை ஒருமுறைச் செலவு. நாடகம் ஒரு இரவு நடந்தாலும் பத்து இரவு நடந்தாலும் அது மாறாது. மண்டபம், ஒலி-ஒளி, சம்பளம், சாப்பாடு எல்லாம் ஒவ்வொரு இரவும் புதிதாகப் பிறக்கிற செலவு. ‘இன்னொரு தடவை போட்டால் நஷ்டம் சரியாகிவிடும்’ என்ற பேச்சு உண்மையா என்று தெரிந்துகொள்ள இந்தப் பிரிவினைதான் உதவும். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

ஒத்திகைக்கு ஆகும் செலவு

ஒத்திகைக்குச் செலவே இல்லை என்று பல குழுக்கள் நினைக்கின்றன. இடம் இலவசம்தான், பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ கேட்டால் கிடைத்துவிடும். பணம் டீயிலும் பஸ்ஸிலும் போகிறது. யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார், கடைசியில் மனஸ்தாபம் வரும். அதனால் முதல் நாளிலிருந்தே இதை ஏட்டில் எழுத வேண்டும்.

1. எத்தனை ஒத்திகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாரத்துக்கு 3 மாலை, 8 வாரம், மொத்தம் 24. ஜனவரி முதல் வாரம் மேடை என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். அது மழைக்காலம், கூரையுள்ள இடமாகப் பாருங்கள். மழையால் போகிற மாலைகளுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வையுங்கள்.

2. தேநீரும் வடையும் ஒரு மாலைக்கு 300 ரூபாய் என்றால் 24 மாலைக்கு 7,200.

3. வெளியூரிலிருந்து வருபவர் 5 பேர், போக வர ஆளுக்கு 40 ரூபாய். 24 மாலைக்கு 4,800.

4. பக்கவாத்தியக்காரர்களை எல்லா ஒத்திகைக்கும் கூப்பிடாதீர்கள். ஆர்மோனியக்காரரை ஒரு நாள் வரச்சொல்லி எல்லாப் பாட்டுக்கும் சுருதியும் மெட்டும் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். இதை அவர் உதவியாகவே செய்வது வழக்கம். அதை வைத்துப் பழகிவிட்டு, கடைசி 5 ஒத்திகைக்கு மட்டும் மூன்று பேரையும் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். 3 பேர், ஆளுக்கு 500, 5 நாள்: 7,500.

5. வசனப் படி எடுக்க 500.

மொத்தம் 20,000. இது முழுவதும் இடப்பக்கம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, வேலை நேரம் கேட்காமல் ஒத்திகை வைப்பது. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் ஒரு வாரம் காலையும் அடுத்த வாரம் இரவுமாக மாறுவார். அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பழகும் மாலைக்கு டீச் செலவு மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொருவரின் ஷிஃப்ட் அட்டவணையையும் வாங்கி வைத்து, அன்று யார் வருவார்களோ அவர்கள் வரும் காட்சியை மட்டும் எடுங்கள். வருகைப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். எட்டில் இரண்டு பேர் தொடர்ந்து வராவிட்டால், மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுமுன்பே ஆள் மாற்றலாமா, தேதி மாற்றலாமா என்று முடிவெடுக்க அந்தப் பதிவேடு கைகொடுக்கும்.

பாதுகாப்பு: கடைசி பஸ் போகும் நேரத்துக்கு அரை மணி முன்பு ஒத்திகை முடிய வேண்டும். பெண் கலைஞர்களை வீடு வரை கொண்டுபோய் விடுவது குழுவின் பொறுப்பு. அதற்கு ஆட்டோ தேவைப்பட்டால் அதுவும் செலவு ஏட்டில் ஒரு வரிதான்.

உடையும் ஒப்பனையும்

முதல் நாடகத்துக்கு உடை தைக்க வேண்டாம். வெல்வெட்டும் ஜரிகையும் வாங்கிக் கிரீடம், மார்புப் பதக்கம், புஜகீர்த்தி செய்தால், ஒரு ராஜ வேஷத்துக்கு ஆகிற பணத்தில் மொத்தக் குழுவுக்கும் சில இரவுகள் வாடகை உடை எடுத்துவிடலாம். தோழியருக்கும் பபூனுக்கும் வீட்டுச் சேலை, வேட்டியே போதும் என்றாலும் முதல் கணக்கில் எல்லாருக்கும் வாடகை போட்டே பாருங்கள்.

உடை வாடகை 8 பேருக்கு ஆளுக்கு 800 வீதம் ஓர் இரவுக்கு 6,400. துவைக்கவும் தைக்கவும் 400. ஒப்பனைக்காரருக்கு அரிதாரம், டோப்பா, சாமான் எல்லாம் சேர்த்து 4,000. இரவுச் செலவு 10,800, இது வலப்பக்கம். இதோடு ஒரு முழு உடை ஒத்திகை கட்டாயம் வேண்டும். அதற்குப் பாதி வாடகை பேசலாம். 3,200 ரூபாயை இடப்பக்கம் எழுதுங்கள்.

உடை ஒத்திகையை விட்டுவிட்டு 3,200 மிச்சம் என்று மகிழும் குழுக்கள் உண்டு. கிரீடம் வைத்த அர்ச்சுனனுக்குத் தலை திருப்ப முடியாது, பவளக்கொடி உடையில் படியேறினால் பாவாடை தடுக்கும், இரண்டு காட்சிக்கு நடுவே உடை மாற்ற ஐந்து நிமிடம் போதாது. இதெல்லாம் மேடையில்தான் தெரிய வரும் என்றால் ஆர்மோனியக்காரர் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான்.

உடையை எடுக்கும்போது:

- ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுங்கள். ஏற்கெனவே கிழிந்தது, மணி உதிர்ந்தது எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் எழுதுங்கள். திருப்பும்போது பிடித்தம் வருவது இந்த இடத்தில்தான்.
- வாடகை இரவுக் கணக்கா, 24 மணி நேரக் கணக்கா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தால் சனி இரவு நாடகத்தின் உடை திங்கள்தான் திரும்பும். அந்த ஒரு நாளுக்கு வாடகை இல்லை என்று முன்பே பேசிவிடுங்கள்.
- அரிதாரத்தையும் டோப்பா ஒட்டும் பசையையும் உடை ஒத்திகையன்றே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் மாற்ற நேரம் இருக்கும்.

மண்டபம்

மண்டபக்காரர் சொல்லும் வாடகை பாதிக் கணக்குதான். மின்சாரம் மீட்டர் பார்த்துத் தனி, துப்புரவு தனி, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, காவலாளிக்கு இனாம் தனி. இதையெல்லாம் கேட்டு எழுதிய பிறகுதான் வாடகையைப் பேச வேண்டும். நாடகத்துக்கு மாலை மட்டும்தான் தேவை. சமையலறையும் தங்கும் அறைகளும் வேண்டாம் என்று சொல்லி அரை நாள் வாடகை கேளுங்கள். மார்கழியில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாதிரிக் கணக்கு: வாடகை 12,000. மின்சாரம், துப்புரவு, மற்றவை 3,000. ஒலி-ஒளி 14,000. படுதாவும் திரைச்சீலையும் 3,000. மொத்தம் 32,000, எல்லாம் வலப்பக்கம். திரும்பி வரும் காப்புத்தொகையைச் செலவில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள். ஆனால் அந்தப் பணம் அன்று கையில் இருந்தே ஆக வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை டேப்போடும் டெஸ்டரோடும் போங்கள்.

1. மேடையின் ஆழத்தை அளந்து பாருங்கள். கல்யாண மேடை மணவறைக்காகக் கட்டியது. அகலம் இருக்கும், ஆழம் இருக்காது. பின்படுதாவுக்குப் பின்னால் ஓர் ஆள் குறுக்கே நடக்க இடம் வேண்டும். இல்லையென்றால் இடப்பக்கம் வெளியேறியவர் வலப்பக்கம் நுழைய முடியாது.

2. கடைசி வரிசையிலும் இரு ஓர நாற்காலிகளிலும் உட்கார்ந்து பாருங்கள். தூண் மறைக்கும் இடங்களை விற்காதீர்கள். மண்டபக்காரர் 400 பேர் என்பார். ஒலிக்காரர் மேசைக்கும் நடைபாதைக்கும் இடம் விட்டால் 300 வரும். நம் கணக்கு 300.

3. மின் இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். பழைய 1,000 வாட் ஹாலஜன் விளக்கு எட்டு போட்டால் 8 கிலோவாட், கிட்டத்தட்ட 35 ஆம்பியர். மண்டபத்தின் சாதாரண பிளக் இணைப்பு இதைத் தாங்காது. எல்.இ.டி. பார் விளக்கு பன்னிரண்டு போட்டாலும் 2 கிலோவாட்டுக்குள் அடங்கும், ஜெனரேட்டருக்கும் டீசல் குறையும். ஒளிக்காரர் தொகை சொல்லும்போது என்ன விளக்கு, எத்தனை என்று எழுதித் தரச்சொல்லுங்கள்.

பாதுகாப்பு: ஹாலஜன் விளக்கு படுதாவுக்கு ஒரு மீட்டருக்குள் வரக்கூடாது. தரையில் போகும் வயரைப் பாயால் மூடாதீர்கள். டேப் போட்டு ஒட்டுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் மைக் பெட்டியைச் செருக விடாதீர்கள், பாடுகிறவர் வாயருகே மைக் இருக்கிறது. ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும். மண்டபத்தின் பின்கதவு பூட்டியிருந்தால் நாடகம் முடியும்வரை சாவி நம் ஆள் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அனுமதியும் உரிமையும்

இதற்கு 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். பணத்தைவிட அலைச்சல்தான் அதிகம். மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

காவல் நிலையத்தில் தேதி, நேரம், இடம், நாடகத்தின் பெயர், பொறுப்பாளர் கைபேசி எண் ஆகியவற்றோடு மனுக் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்கத்துக்குள் கேட்கும் அளவுக்கு வைப்பதற்கு அந்த விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் ஜன்னல்கள் திறந்த கல்யாண மண்டபத்தில் அதை நம்பாதீர்கள். 6.30-க்குத் தொடங்கி 9-க்கு முடிப்பது எல்லாருக்கும் நல்லது.

ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கேளிக்கை வரி உள்ளாட்சியின் அதிகாரத்தில் இருப்பது. ஆகவே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுக் கொடுத்து, வரி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சில அலுவலகங்களில் டிக்கெட்டில் முத்திரை வைத்துத் தர வேண்டும் என்பார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து 60 ஆண்டுக்கு மேலாகிவிட்டதால் அவருடைய நாடகத்துக்குக் காப்புரிமைத் தொகை இல்லை. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ‘பவளக்கொடி’ 1934-இல் தியாகராஜ பாகவதர் நடித்துப் படமாக வந்தது. பாட்டெழுதியவர் பாபநாசம் சிவன். அவர் 1973-இல் மறைந்தவர் என்பதால் அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. ஒத்திகையில் யாராவது ஆசையாக ஒரு சினிமாப் பாட்டைச் சேர்ப்பார்கள். இலவசமாகப் பார்க்க வருகிறவர்கள் முன் அமெச்சூர் குழு நடிப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு; டிக்கெட் வைத்த நாடகத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. சுவாமிகளின் பாட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

அந்த இரவின் சம்பளம், விளம்பரம்

நடிகர்கள் 8 பேருக்கு ஆளுக்கு 1,000 வீதம் 8,000. பக்கவாத்தியம் 3 பேருக்கு 1,500 வீதம் 4,500. மேடை வேலை 2 பேருக்கு 500 வீதம் 1,000. இருபது பேர் சாப்பாடு 2,000. வண்டி 2,500. மொத்தம் 18,000. நடிகர்கள் சம்பளம் வேண்டாம் என்றாலும் ஏட்டில் எழுதுங்கள். வேண்டாம் என்ற தொகையை அவர்கள் கொடுத்த நன்கொடையாக வரவில் காட்டுங்கள். அடுத்த நாடகத்துக்கு உண்மையான செலவு தெரிய அதுதான் வழி.

நோட்டீஸ், சுவரொட்டி, ஆட்டோவில் மைக் விளம்பரம், டிக்கெட் அச்சு எல்லாம் 8,000. நம் ஊர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை. பாகூரிலிருந்து சிறிது தூரம் போனால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். மைக் கட்டிய ஆட்டோ எல்லை தாண்டுமுன் அந்தப் பக்கத்துக் காவல் நிலைய அனுமதி வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம்

இடப்பக்கம்: ஒத்திகை 20,000, உடை ஒத்திகை 3,200. மொத்தம் 23,200.

வலப்பக்கம்: உடை, ஒப்பனை 10,800, மண்டபம் 32,000, சம்பளம் 18,000, விளம்பரம் 8,000, அனுமதி 2,000. மொத்தம் 70,800.

இரண்டும் சேர்ந்து 94,000. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு, 9,400. ஆக 1,03,400 ரூபாய்.

இப்போது டிக்கெட். 300 நாற்காலியில் 30 அழைப்பாளர்களுக்கு. மீதி 270-இல் முன்வரிசை 60-க்கு 200 ரூபாய், மற்ற 210-க்கு 100 ரூபாய். எல்லாம் விற்றால் 33,000. எல்லாம் விற்காது, திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தை இலவசமாகப் பார்த்துப் பழகிய ஊர். அறுபது சதவீதம் விற்றால் 19,800.

வலப்பக்கத்தோடு இதை ஒப்பிடுங்கள். மண்டபம் நிறைந்தாலும் 33,000. ஓர் இரவின் செலவு 70,800. அதாவது டிக்கெட் வைத்து இரண்டாம் முறை நாடகம் போட்டால் நஷ்டம் சரியாகாது, இன்னும் கூடும். டிக்கெட் விலையை இரட்டிப்பாக்கினாலும் ஈடாகாது. அந்த விலையில் கூட்டமும் குறையும்.

பள்ளத்தை நிரப்பும் மூன்று வழி

1. உபயம். ‘நன்கொடை தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் 500 ரூபாய் கிடைக்கும். ‘அன்றைய இரவு ஒலி-ஒளி உங்கள் உபயம்’ என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால், கோயில் உபயம் பழகிய ஊரில் உடனே புரியும். ஒலி-ஒளி 14,000 ஒரு கடைக்காரர், மண்டப வாடகை 12,000 ஒரு குடும்பம், விளம்பரச் செலவு 8,000 நோட்டீசில் பெயர் போடும் கடைகள். மொத்தம் 34,000. ரசீது கொடுங்கள், பெயரை நோட்டீசில் போட்டு மேடையிலும் சொல்லுங்கள்.

2. உறுப்பினர் சந்தா. 14 பேர் ஆளுக்கு 1,000 வீதம், நவம்பர், டிசம்பர் இரு தவணையில் 14,000. ஒத்திகைச் செலவுக்கு முதலில் கையில் இருக்கும் பணம் இதுதான்.

3. ஒப்பந்த நாடகம். பங்குனி முதல் ஆடி வரை பாகூர்ப் பக்கக் கிராமங்களில் கோயில் திருவிழாக்களுக்கு நாடகமும் கூத்தும் ஏற்பாடு செய்வார்கள். மேடை, ஒலி, ஒளி, விளம்பரம், அனுமதி எல்லாம் விழாக் குழுவினுடையது. பணம் தலைக்கட்டு வரியிலிருந்து வரும். நமக்கு ஆகும் செலவு உடை, ஒப்பனை 10,800, சம்பளம், வண்டி 18,000, மொத்தம் 28,800. 45,000-க்குப் பேசினால் ஒரு நாடகத்தில் 16,200 மிஞ்சும்.

இப்போது முழுக் கணக்கு. செலவு 1,03,400. டிக்கெட் 19,800, உபயம் 34,000, சந்தா 14,000 கழித்தால் பாக்கி 35,600. இரண்டு ஒப்பந்த நாடகத்தில் 32,400 வரும், 3,200 குறையும். எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியதில் அவ்வளவு மிஞ்சியிருந்தால் தப்பித்தோம். மூன்று நாடகம் கிடைத்தால் 48,600. எல்லாம் போகக் கையில் 13,000.

ஆகவே வில்லியனூர் டிக்கெட் நாடகத்தைப் பாகூர்ப் பக்க விழாக் குழுக்களுக்குக் காட்டும் அரங்கேற்றமாக நினைத்துச் செலவு செய்யுங்கள். ஜனவரியில் அரங்கேற்றினால், விழாக் குழுக்கள் நிகழ்ச்சி முடிவு செய்யும் மாசிக்கு முன்பே அவர்கள் பார்த்திருப்பார்கள். அழைப்பு டிக்கெட் முப்பதில் இருபதாவது அவர்களுக்குப் போகட்டும். மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுமுன் ஒரு விழாக் குழுவிடமாவது வாய்வார்த்தை வாங்கிவிடுங்கள். ஒருவர்கூட ஆர்வம் காட்டவில்லை என்றால் செலவைக் குறைக்க வேண்டும். முதலில் வெட்ட வேண்டியது மண்டபம். பள்ளிக்கூட மேடையில் இரண்டு விளக்கோடு டிக்கெட் இல்லாமல் அரங்கேற்றலாம்.

ஒப்பந்தம் பேசும்போது எழுத்தில் இருக்க வேண்டியவை: மேடை நீள அகலம், மைக் எத்தனை, உடை மாற்ற மறைவான அறை, பெண்களுக்குக் கழிப்பறை, எத்தனை பேர் சாப்பாடு, மழை வந்து நின்றால் எவ்வளவு தொகை. அச்சாரமாகக் கால் பங்கு வாங்குங்கள். மீதியை வேஷம் கட்டுமுன் வாங்குங்கள். விடியற்காலையில் வசூல் கணக்கு முடியாமல் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லப்பட்ட குழுக்கள் எத்தனையோ.

அரசு உதவித் தொகையை வரவில் எழுதாதீர்கள். கலை பண்பாட்டுத் துறைக்கோ தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்துக்கோ விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் பணம் வங்கிக்கு வந்த நாளில்தான் அது ஏட்டுக்கு வர வேண்டும்.

டிக்கெட் விற்பது

1. ஐம்பது டிக்கெட் கொண்ட புத்தகங்களாக, வரிசை எண்ணோடும் அடிக்கட்டையோடும் அச்சடியுங்கள். 200-க்கு ஒரு நிறம், 100-க்கு ஒரு நிறம், அழைப்புக்கு வேறு நிறம். ஒவ்வொன்றிலும் குழு முத்திரை வேண்டும். இல்லையென்றால் ஜெராக்ஸ் டிக்கெட் வரும்.

2. யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தீர்கள் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யாததால்தான் ‘நான் பத்துதான் வாங்கினேன்’ என்ற தகராறு வருகிறது.

3. வாங்கிப் போனது எல்லாம் விற்றதாகாது. வியாழக்கிழமை மாலை எல்லாப் புத்தகங்களும் பணத்தோடு திரும்ப வேண்டும். விற்காததைச் சனிக்கிழமை வாசலில் விற்கலாம். வியாழன் கணக்கில் 100-க்குக் குறைவாக விற்றிருந்தால் வெள்ளி, சனி இரண்டு நாளும் எல்லாரும் வீடு வீடாகப் போங்கள். மைக் ஆட்டோவுக்கு மேலும் பணம் போடாதீர்கள்.

4. கைபேசி வழி வரும் பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தனியாள் க்யூ.ஆர். கோடு ஒட்டினால் பிறகு எது நாடகப் பணம், எது அவர் சொந்தப் பணம் என்று பிரிக்க முடியாது. டிக்கெட் அடிக்கட்டையில் ‘ரொக்கம்’ அல்லது ‘போன்’ என்று எழுதிவிடுங்கள்.

5. வாசலில் இரண்டு பேர். ஒருவர் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைப் பெட்டியில் போடுவார். மற்றவர் இடம் காட்டுவார். பணம் வாங்கும் மேசை தனியே இருக்கட்டும். 300 நாற்காலி நிறைந்ததும் விற்பனையை நிறுத்துங்கள்; நடைபாதையில் நாற்காலி போட அனுமதிக்காதீர்கள்.

6. அன்று இரவே இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். அடிக்கட்டைப்படி விற்ற டிக்கெட்டின் மதிப்பும், ரொக்கமும் போன் பணமும் சேர்ந்த தொகையும் சமமாக வர வேண்டும். பெட்டியில் கிடக்கும் பாதிகள், அழைப்பு நிறத்தை விட்டு எண்ணினால், விற்ற எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தால் கள்ள டிக்கெட் வந்திருக்கிறது. குறைவாக இருந்தால் வாங்கியும் வராதவர்கள். பெரிய தொகையை இரவில் ஒருவர் தனியாகக் கொண்டுபோக வேண்டாம், இருவர் போகட்டும்.

கணக்கை முடிப்பது

உடையைத் திருப்பி ரசீது வாங்குவது, மண்டபக் காப்புத்தொகையைப் பெறுவது, மின்சாரக் கட்டணத்துக்கு மீட்டர் எண்ணைச் சரிபார்ப்பது இவை திங்கள்கிழமைக்குள் முடிய வேண்டும். மீட்டர் எண்ணை நாடகத்துக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வைத்திருந்தால் இதில் பேச்சு வராது. ஏழு நாளுக்குள் குழுவைக் கூட்டி ஏட்டை வரி வரியாக வாசியுங்கள். திட்டமிட்ட தொகைக்கு எதிரே உண்மையில் ஆன தொகையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். உபயம் செய்தவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைப் படி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். மாசியில் ஒப்பந்தம் பேசப் போகும்போது இரவுச் செலவு உண்மையில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 28,800 என்று நினைத்தது 32,000 ஆகியிருந்தால், 45,000 என்று பேச இருந்ததை 48,000-ஆக ஏற்றிச் சொல்லுங்கள்.